செவ்வகத் துளையில் விளிம்பு விளைவு: ஒடுங்கிய பக்கம் ஏன் அதிகமாக விரிகிறது?

செங்குத்தாக நிற்கும் செவ்வகத் துளை வழியாக லேசரைப் பாய்ச்சினால், எதிர்ச் சுவரில் விழும் நடு ஒளித்திட்டு படுக்கைவசமாக நீண்டிருக்கும். துளையை யாரோ 90 பாகை திருப்பிவிட்டார்களோ என்று தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. இதைச் செய்து பார்த்து, அளந்து, காரணத்தையும் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பதிவு.

துளையைச் செய்வது

1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு லேசர், ஷேவிங் பிளேடு நான்கு, நடுவில் சிறு ஓட்டை போட்ட ஓர் அட்டை, டேப், தடிமன் குறித்த மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ். இவ்வளவுதான் வேண்டும். அலுமினியத் தாளில் ஊசியால் குத்தி, கத்தியால் கீறிச் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக வரும், சுவரில் தெரிவது துளையின் வடிவமா, பிசிறின் விளைவா என்று பிரிக்க முடியாது.

முதலில் இரண்டு பிளேடுகளை அட்டை மேல் எதிரெதிராக வைத்து, நடுவே ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. தகட்டை நிறுத்தி, இருபுறமும் நெருக்கி ஒட்டுங்கள். தகட்டை உருவினால் 0.1 மி.மீ. பிளவு கிடைக்கும். அதன்மேல் குறுக்கே, 0.3 மி.மீ. தகட்டை வைத்து இன்னொரு ஜோடியை ஒட்டுங்கள். அகலம் 0.1, உயரம் 0.3 உள்ள செவ்வகம் தயார். இரண்டு ஜோடிகளும் ஒரே தளத்தில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிளேடின் தடிமன் இந்தக் கணக்கைப் பாதிக்காது.

லேசரையும் அட்டையையும் அசையாமல் நிறுத்தி, அறையை இருட்டாக்கி, 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பாருங்கள். சுவரைத்தான் பார்க்க வேண்டும், துளைக்குள் கண்ணை வைத்து அல்ல.

ஏன் இப்படி விரிகிறது

நேர் எதிர்த் திசையில், துளையின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வரும் அலைகள் ஒத்த கட்டத்தில் சேர்கின்றன, அதனால் நடுவில் பிரகாசம். இப்போது கிடைமட்டமாகச் சற்றுச் சாய்ந்த ஒரு திசையை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் வலது ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் பாதை வேறுபாடு, துளையின் அகலத்தைச் சாய்வுக் கோணத்தால் பெருக்கினால் கிடைக்கும். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று வைப்போம். கோணம் 0.0065 ரேடியன் ஆகும்போது, 0.1 மி.மீ. × 0.0065 = 650 நானோமீட்டர். சரியாக ஓர் அலைநீளம். அங்கேதான் முதல் இருள்.

நான் வெகுநேரம் நின்ற இடம் இதுதான். இரட்டைப் பிளவில் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் என்றால் பிரகாசம் என்று படித்திருக்கிறோம். இங்கே மட்டும் எப்படி இருள்?

இரட்டைப் பிளவில் இருப்பவை இரண்டே மூலங்கள். இங்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுக்க மூலங்கள். இரண்டு ஓரங்களை மட்டும் ஒப்பிட்டால் ஒத்துப்போகும், ஆனால் நடுவில் இருப்பவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடது ஓரப் புள்ளியைத் துளையின் நடுப்புள்ளியோடு ஜோடி சேருங்கள். இவற்றின் வேறுபாடு 325 நானோமீட்டர், அதாவது அரை அலைநீளம். ஒன்றையொன்று அழித்துவிடும். அடுத்த புள்ளிக்கு, நடுவிலிருந்து அதே அளவு தள்ளியுள்ள புள்ளி ஜோடி. அதுவும் அழியும். இப்படியே போனால் இடது பாதி முழுவதையும் வலது பாதி தின்றுவிடுகிறது. மிச்சம் எதுவும் இல்லை.

இனி உயரத்துக்கு வருவோம். அங்கே துளை 0.3 மி.மீ. அதே ஓர் அலைநீள வேறுபாட்டை எட்ட 0.0022 ரேடியன் சாய்வே போதும். புள்ளிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே வேறுபாடு சேர்ந்துவிடுகிறது. ஒடுங்கிய பக்கத்திலோ புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றைப் பிணங்க வைக்க நிறையச் சாய வேண்டும். அதுவரை ஒளி இருந்துகொண்டே இருக்கும், ஆகவே அந்தப் பக்கம் திட்டு அகலம். ஓரத்தில் ஒளி 'வளைந்து போகிறது' என்ற விளக்கத்தால் இந்தத் தலைகீழ் உறவைச் சொல்லவே முடியாது. நான் அதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன்.

அளப்பது

நடுவிலிருந்து முதல் இருள் வரையுள்ள தூரம் λL/a. இதில் λ அலைநீளம், L சுவர் வரையுள்ள தூரம், a அந்தத் திசையில் துளையின் அளவு. 2 மீட்டரில் கிடைமட்டமாக 13 மி.மீ., செங்குத்தாக 4.3 மி.மீ. நடுத்திட்டின் முழு அளவு இதைப்போல் இருமடங்கு: 26 × 8.7 மி.மீ.

பிரகாசம் எங்கே முடிகிறது என்று பார்த்து அளக்காதீர்கள். கண் ஏமாற்றும். இருள் இடங்களைப் பென்சிலால் குறித்து அளங்கள். இடப்பக்க மூன்றாவது இருளிலிருந்து வலப்பக்க மூன்றாவது இருள் வரை அளந்து 6ஆல் வகுத்தால் பிழை குறையும். இங்கே 78 மி.மீ. வர வேண்டும். லேசரின் லேபிளில் பெரும்பாலும் 630–680 என்று ஒரு வரம்புதான் இருக்கும், எனவே சில சதவீத வித்தியாசம் வந்தால் பிளேடைக் குறை சொல்ல வேண்டாம்.

இந்தக் கணக்கு திரை போதிய தூரத்தில் இருந்தால்தான் பொருந்தும். நீண்ட பக்கத்தின் வர்க்கத்தை அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள். 0.3 மி.மீ.க்கு அது சுமார் 14 செ.மீ., 2 மீட்டர் தாராளம். 1 மி.மீ. துளை என்றால் அதுவே 1.5 மீட்டரைத் தாண்டிவிடும், அதே சுவரில் இருள் கோடுகள் தெளிவாக விழாது.

கணினியில் சரிபார்க்க

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

lam, L = 650e-9, 2.0
a, b = 0.1e-3, 0.3e-3
x = np.linspace(-0.04, 0.04, 801)
X, Y = np.meshgrid(x, x)
I = np.sinc(a*X/(lam*L))**2 * np.sinc(b*Y/(lam*L))**2
plt.imshow(np.log10(I + 1e-5), extent=[-40, 40, -40, 40], cmap="gray")
plt.show()
```

`np.sinc` தனக்குள்ளேயே π-ஐப் பெருக்கிக்கொள்கிறது. பாடப்புத்தகச் சூத்திரத்தைப் பார்த்து நீங்களும் π போட்டால், கிடைமட்ட முதல் இருள் 13க்குப் பதில் 4.1 மி.மீ.யில் விழும். செங்குத்து அளவான 4.3க்கு இது மிக அருகில் இருப்பதால் அச்சுகள்தான் இடம் மாறிவிட்டன என்று நினைத்து a, b-யை மாற்றிப்போட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதலில் π-ஐப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: கணினிப் படத்தில் நான்கு மூலைகளிலும் புள்ளிகள் தெரிகின்றன, சுவரில் நடுத்திட்டிலிருந்து நான்கு பக்கமும் நீளும் சிலுவை மட்டும்தான் தெரிகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூலைப் புள்ளிகள் சுவரிலும் இருக்கின்றன. சிலுவையின் கையிலுள்ள முதல் பக்கத்திட்டு, நடுவின் பிரகாசத்தில் 4.7% மட்டுமே. மூலையில் இரண்டு திசையின் குறைவும் பெருக்கப்படுவதால் 0.22% ஆகிவிடுகிறது. குறியீட்டில் `log10` இருப்பதால்தான் அங்கே கண்ணுக்குப் படுகிறது. சுவரில் பார்க்க, நடுத்திட்டையும் சிலுவையின் கைகளையும் கறுப்புத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: துளையே இல்லாமலும் என் லேசர் நீள்வட்டமாகத்தான் விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் பெரும்பாலும் இதே சங்கதிதான்! லேசர் டயோடில் ஒளி வெளிவரும் வாய் மெல்லிய செவ்வகம். அதன் மெல்லிய திசையில்தான் கற்றை அதிகம் விரிகிறது, முன்னாலுள்ள லென்ஸுக்குப் பிறகும் அதன் சாயல் தங்கிவிடும். நம் துளை 0.3 மி.மீ.தான், கற்றை அதை முழுக்க மூடினால் பாதிப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் அட்டையை மட்டும் திருப்புங்கள். சிலுவை அட்டையோடு சேர்ந்து திரும்பினால் அது துளையின் வேலை, நீள்வட்டம் அசையாமல் நின்றால் லேசரின் வேலை.