அரூன் இண்டிகேட்டர்: பூஜ்யத்திலிருந்து குதிக்கும் கோட்டை நம்பாதீர்கள்

டர்பன் பக்கம் பங்குச்சந்தையில் கால் வைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் சேட்ரிக்ஸ் 40 போன்ற ஓர் இ.டி.எஃப்.பில்தான் தொடங்குகிறார்கள். விளக்கப்படத்தில் மூவிங் ஆவரேஜ் கோடு ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதன் பக்கத்தில் அரூனை எதற்குப் போடுவது, போட்டால் எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. கேண்டில் என்றால் என்ன, கணக்கு எப்படித் திறப்பது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

துஷார் சாண்டே 1995இல் உருவாக்கியது அரூன். மூவிங் ஆவரேஜ் விலையைக் கூட்டி வகுக்கிறது. அரூன் விலையைக் கூட்டுவதே இல்லை, நாளை எண்ணுகிறது. கடைசியாகப் புது உச்சம் வந்து எத்தனை நாள் ஆயிற்று? அது அரூன் அப். கடைசியாகப் புதுத் தாழ்வு வந்து எத்தனை நாள் ஆயிற்று? அது அரூன் டவுன். இன்றே உச்சம் என்றால் அப் 100. 25 நாள் அமைப்பில், புது உச்சம் வராத ஒவ்வொரு நாளும் அது 4 புள்ளி இறங்கும். உச்சம் வந்து 25 நாள் ஆனால் 0.

படி 1: தாளில் கட்டுங்கள்

டிரேடிங்வியூவில் ஒரு சொடுக்கில் வந்துவிடும். ஆனாலும் முதல் தடவை எக்செல்லில் கையால் கட்டுவதையே பரிந்துரைப்பேன். கோடு ஏன் குதிக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். C பத்தியில் அன்றைய உச்ச விலை, D பத்தியில் தாழ்ந்த விலை, E பத்தியில் முடிவு விலை. பழைய நாள் மேலே, புதிய நாள் கீழே. ஜோகன்னஸ்பர்க் சந்தையின் விலைகள் சென்டில் வருவதால் தசமப் புள்ளித் தொல்லை குறைவு. முதல் நாள் 2ஆம் வரிசை என்றால், 27ஆம் வரிசையில் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
F27: =100*(XMATCH(MAX(C2:C27),C2:C27,0,-1)-1)/25
G27: =100*(XMATCH(MIN(D2:D27),D2:D27,0,-1)-1)/25
H27: =AVERAGE(E3:E27)
```

அரூனுக்கு 26 வரிசை, ஆவரேஜுக்கு 25 வரிசை என்பதைக் கவனித்தீர்களா? இன்றைய நாளோடு அதற்கு முந்தைய 25 நாளும் சேர வேண்டும். 25 வரிசையை மட்டும் எடுத்து, நாளை எண்ணி 25ஆல் வகுத்தால் கோடு 4க்குக் கீழே போகவே போகாது. உங்கள் அரூன் எத்தனை மாதம் இழுத்தாலும் 0ஐத் தொடவில்லையா? குறை இங்கேதான்.

கடைசியில் உள்ள `-1` கீழிருந்து தேடச் சொல்கிறது. ஒரே உச்ச விலை இரண்டு நாளில் வந்தால் அண்மை நாளை எடுக்கும். சில மென்பொருள்கள் பழைய நாளை எடுப்பதுண்டு. உங்கள் தாளும் படமும் ஒத்துப்போகாவிட்டால் இதையும் பாருங்கள்.

படி 2: டிரெண்ட் ஓய்வதைப் பாருங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1ஆம் நாள் முடிவு விலை 7010 சென்ட். தினமும் 10 சென்ட் ஏறி 25ஆம் நாள் 7250. அன்றைய உச்சம் 7260. அதன்பின் தினமும் 7250இலேயே முடிகிறது, எந்த நாளும் 7260ஐத் தொடவில்லை.

38ஆம் நாள் என்ன தெரிகிறது? மூவிங் ஆவரேஜ் சுமார் 7224. விலை அதற்கு மேலே, கோடும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் விலை நின்று 13 நாள் ஆகிவிட்டது. பழைய மலிவு விலைகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழுவதால்தான் சராசரி ஏறுகிறது. அரூன் அப் அன்று 48. 50க்குக் கீழே வந்துவிட்டது. டவுன் இன்னும் 0. இதன் பொருள் ஏற்றம் களைத்துவிட்டது என்பது மட்டும்தான். இறக்கம் தொடங்கிவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது.

படி 3: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

அதே கணக்கைத் தொடருங்கள். 40ஆம் நாள் விலை கொஞ்சம் சறுக்கி 7232ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. 44ஆம் நாள் உச்சம் 7258. மற்ற நாட்கள் இவற்றுக்குள்ளேயே அடங்கின.

49ஆம் நாள்: அப் 4, டவுன் 0.
50ஆம் நாள்: அப் 0, டவுன் 60.
51ஆம் நாள்: அப் 72, டவுன் 56.

இரண்டே நாளில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று இரண்டு தடவை வெட்டிவிட்டன! அப் கீழே வெட்டியதும் விற்று, மேலே வெட்டியதும் வாங்கினால் தரகுக் கூலிதான் மிச்சம். விலையோ 7250ஐ விட்டு நகரவில்லை.

நடந்தது இதுதான். 24ஆம் நாளின் தாழ்வு 7230. 50ஆம் நாள் அது 26 நாள் கணக்கிலிருந்து வெளியேறியது. மிச்சமிருந்ததில் ஆகக் குறைந்தது 40ஆம் நாளின் 7232. அதற்குப் பத்து நாள்தான் வயது, ஆகவே டவுன் 60க்குத் தாவியது. மறுநாள் 25ஆம் நாள் உச்சமும் வெளியேற, 44ஆம் நாள் உச்சம் பட்டத்துக்கு வந்து அப் 72 ஆனது. சந்தையில் எதுவும் நடக்கவில்லை, பழைய நாள் காலாவதியானது, அவ்வளவே.

பிரித்தறிய ஒரே சோதனை போதும். அரூன் கோடு ஏறுவதற்கு இரண்டே வழி. இன்று புது உச்சம் வந்தால் நேராக 100க்குப் போகும். பழைய உச்சம் காலாவதியானால் 0இலிருந்து கிளம்பி, 100க்குக் கீழே எங்காவது போய் நிற்கும். ஆகவே 100ஐத் தொடாத தாவல் எதுவும் டிரெண்டின் தொடக்கம் அல்ல. 0இலிருந்து ஒரே எட்டில் 100 வந்தாலும் முந்தைய உச்சத்தை இன்று உண்மையிலேயே தாண்டியதா என்று விலையைப் பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஆவரேஜ் பக்கம்தான் என் வாக்கு. 49ஆம் நாளே அது 7250இல் படுத்துக்கொண்டு, இங்கே டிரெண்ட் இல்லை என்று சரியாகச் சொல்லிவிட்டது. அளவும் அதற்குத்தான் தெரியும்: ஒரு சென்ட் கூடுதலாக உச்சம் வந்தாலும், நூறு சென்ட் கூடுதலாக வந்தாலும், அரூனுக்கு இரண்டும் 100தான்.

நான் வைத்திருக்கும் முறை: தொடக்கத்துக்கு, அப் 100ஐத் தொட வேண்டும், டவுன் 50க்குக் கீழே இருக்க வேண்டும், ஆவரேஜும் ஏறுமுகமாக இருக்க வேண்டும். ஓய்வுக்கு, அப் 50க்குக் கீழே போனால் போதும். புதிதாக வாங்குவதை நிறுத்துவேன், உடனே விற்கமாட்டேன். டிரேடிங்வியூ தானாகத் தருவது 14 நாள். தினசரிப் படத்தில் அது எனக்கு மிகவும் படபடப்பு, 25ஆக மாற்றிவிடுவேன்.

பின்சேர்க்கை (பின்னூட்டங்களுக்குப் பிறகு)

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா, சூத்திரம் பிழை காட்டுகிறது என்று எழுதியிருந்தார். விண்டோஸில் தென்னாப்பிரிக்கா வட்டாரம் தேர்ந்திருந்தால் காற்புள்ளி தசமக் குறியாகிவிடும். சூத்திரத்தில் காற்புள்ளி வரும் இடமெல்லாம் `;` போடுங்கள்.

டாலர்–ராண்ட் படத்தில் தன் எண் வேறாக வருகிறது என்றார் லெனேசியா தம்பி ஒருவர். சில தரகர்களின் படத்தில் ஞாயிறு இரவுக்கென்று ஒரு குட்டி கேண்டில் தனியாக வரும். அரூன் கேண்டிலைத்தான் எண்ணுகிறது, ஆக வாரத்துக்கு ஆறு நாள் ஆகிவிடும், உச்சமும் சீக்கிரம் மூப்படையும். அந்தக் கேண்டிலைத் திங்களோடு சேர்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

சேட்ரிக்ஸ் 40 வைத்திருப்போர் டிவிடெண்ட் கழியும் நாளையும் குறித்துவைக்கவும். அன்று விலை அந்த அளவு கீழே திறப்பதால் டவுன் 100 காட்டக்கூடும்.

பைதானில் செய்பவர்களுக்கு: டிஏ-லிப் முதலில் டவுனைத்தான் திருப்பித் தரும், அப்பை அல்ல. பெயரை மாற்றி வைத்தால் முழுப் படமும் தலைகீழாக வரும்.

```
aroondown, aroonup = talib.AROON(high, low, timeperiod=25)
```