ஒலிபெருக்கிக்கு எழுதும்போது: நீண்ட வாக்கியத்தை உடைப்பதில் நேரும் தவறுகள்

காவிரியில் வெள்ளம் வரும் நாட்களில், ஒகேனக்கல்லிலும் ஊட்டமலையிலும் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வார்கள். அதில் வாசிக்கப்படும் வாசகம் பல நேரங்களில் பத்திரிகைக் குறிப்புக்காக எழுதப்பட்டதாகவே இருக்கும். அந்த நடையில் நானே எழுதிய மாதிரி ஒன்றைக் கீழே தருகிறேன்:

"கர்நாடக மாநிலத்தில் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் கனமழையால் நிரம்பிய கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்டுள்ள உபரிநீர் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லை வந்தடையும் என்று எதிர்பார்க்கப்படுவதால், ஆற்றோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள், கால்நடைகளைக் கட்டிவைத்துவிட்டு வெளியேறாமல் அவற்றையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தாளில் படிப்பவருக்குச் சிக்கலும் பெரிதாக இல்லை, ஏனென்றால் தடுமாறும் கண் ஒரு வரி பின்னால் போய் மீண்டும் தொடங்கலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. "பெய்துவரும்" என்ற பெயரெச்சம் மழைக்காகக் காத்திருக்கிறது. அந்த மழையைச் சுமந்துகொண்டு "நிரம்பிய" என்பது அணைகளுக்காகக் காத்திருக்கிறது. மழை, அணை இரண்டையும் சுமந்துகொண்டு "திறந்துவிடப்பட்டுள்ள" என்பது நீருக்காகக் காத்திருக்கிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட மூன்றையும் கேட்பவர் தாண்டி வந்த பிறகுதான் யாரைப் பற்றிய பேச்சு என்பதே தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில் வருகிறது, அதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

ஆகவே உடைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி உடைப்பது என்பதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, மூச்சு முட்டும் இடத்தில் வெட்டிவிட்டு "அது", "அவை" என்று ஒட்டுப்போடுவது. "கனமழையால் அணைகள் நிரம்பியுள்ளன. அவற்றிலிருந்து நீர் திறக்கப்பட்டுள்ளது. அது ஒகேனக்கல்லை வந்தடையும்" என்று எழுதினால் தாளில் குழப்பமில்லை. இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்கோ, முந்தைய வாக்கியத்தின் பெயர்ச்சொல் காதில் விழாமல் போயிருந்தால், "அது" எதைக் குறிக்கிறது என்று தெரியாது. பெயரெச்சத்தை உடைக்கும்போது அது தழுவி நின்ற பெயரை அடுத்த வாக்கியத்திலும் முழுதாகச் சொல்ல வேண்டும்: "அணைகள் நிரம்பிவிட்டன. அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஒகேனக்கல்லுக்கு வரும்." ஒரே சொல் திரும்ப வருவதைக் குறையென்று பள்ளிக் கட்டுரைகளில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சொல்தான் கேட்பவருக்குப் பிடிமானம்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. எல்லாப் பெயரெச்சங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. "பெய்துவரும் கனமழை" என்பதில் பெயரெச்சம் ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்கிறது. அதைத் தனி வாக்கியமாக்கலாம். "ஆற்றோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள்" என்பதில் பெயரெச்சம் எந்த மக்கள் என்று பிரித்துக் காட்டுகிறது. இதையும் அதே கத்தியால் வெட்டி, "பொதுமக்கள் தாழ்வான பகுதிகளில் வசிக்கிறார்கள். பொதுமக்கள் வெளியேற வேண்டும்" என்று எழுதினால், பென்னாகரம் கடைவீதியில் நிற்பவரும் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணுவார். பிரித்துக் காட்டும் பெயரெச்சத்தை விளியாக மாற்றிவிடுவதே எளிய வழி: "ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களே!" என்று அழைத்துவிட்டால் யாருக்கான செய்தி என்பது முதலிலேயே தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முன், அந்தப் பெயரெச்சத்தை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். ஆட்களின் எண்ணிக்கை மாறினால் அது பிரித்துக் காட்டும் வகை.

மூன்றாவது தவறு ஆபத்தானது, அது எதிர்மறையைப் பற்றியது. மேலே உள்ள வாக்கியத்தின் நடுப்பகுதியை ஒருவர் நல்லெண்ணத்தோடு இப்படி வெட்டுவார்: "கால்நடைகளைக் கொட்டாயில் கட்டிவைத்துவிட்டு வெளியேற வேண்டாம்." சிறிய வாக்கியம்தான். ஆனால் தமிழில் மறுப்பு கடைசி வினையின் மேல் ஏறி நிற்கிறது. அது மறுக்க வந்ததோ "கட்டிவைத்துவிட்டு" என்ற வினையெச்சத்தை. பாதியில் காது கொடுத்தவருக்குக் கேட்பது "வெளியேற வேண்டாம்" மட்டும். அறிவிப்பு சொல்ல வந்ததற்கு நேர் எதிரான செய்தி இது. வினையெச்சமும் எதிர்மறை வினையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால், இரண்டையும் உடன்பாடாக மாற்றுங்கள்: "மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். மாடுகளோடு வெளியேறுங்கள்." கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தாலும் தவறாகாத வாக்கியம் இது. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்தச் சோதனையை நான் செய்து பார்ப்பதுண்டு: கடைசி இரண்டு சொற்களை மட்டும் படித்து, அவை தவறான ஏவலாக ஒலிக்கின்றனவா என்று பார்ப்பேன்.

"என்று எதிர்பார்க்கப்படுவதால்" போன்ற பகுதியை நீளம் குறைக்கும் வேகத்தில் உதிர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. "வந்தடையும் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்பது "வெள்ளம் வந்துவிட்டது" என்று ஆகிவிட்டால், ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த அறிவிப்பையும் நம்பமாட்டார். "வரலாம்" என்ற ஒரு சொல்லே போதும்.

கடைசியாக, அளவுக்கு மீறி உடைப்பது. "மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள்" என்பதில் இரண்டு வினையெச்சங்கள் இருந்தாலும், கேட்பவர் மனத்தில் அது ஒரே செயல். இதை மூன்றாக்கினால், தந்தி வாசிப்பதுபோல் ஆகி, எது முக்கியம் என்பது மறைந்துவிடும். எழுவாய் மாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இரண்டு மூன்று செயல்களை வினையெச்சத்தால் கோத்துச் சொல்வது நம் பேச்சின் இயல்பு. பாட்டிகள் கதை சொல்வதும் இப்படித்தான். எழுவாய் மாறும் இடத்தில் வெட்டுங்கள். மழை பெய்கிறது, அணை நிரம்புகிறது, மக்கள் போகிறார்கள்: இங்கே எழுவாய் மூன்று, எனவே வாக்கியமும் மூன்று. "ஆல்" என்ற உருபு சுமந்த காரணத்தை வெட்டிய இடத்தில் "அதனால்" என்ற சொல் ஏற்க வேண்டும். இல்லையென்றால் மழைக்கும் அணைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

இவற்றையெல்லாம் பார்த்து எழுதினால் அந்த வாக்கியம் இப்படி வரும்:

"ஒகேனக்கல், ஊட்டமலை ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களே, கவனியுங்கள். காவிரியில் தண்ணீர் அதிகமாக வரலாம். இப்போதே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். மாடு, ஆடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். கர்நாடகத்தில் கனமழை பெய்கிறது. அதனால் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பிவிட்டன. அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக இங்கே வரும் என்று எதிர்பார்க்கிறோம்."

மூலத்தில் முதலில் இருந்த காரணம் இங்கே கடைசிக்குப் போய்விட்டதைக் கவனிக்கலாம். காரணத்தைக் கேட்காமல் விட்டவரும் மாட்டை அவிழ்க்கத் தொடங்கியிருப்பார். "பிலிகுண்டுலு" என்ற பெயரை நான் முதலில் நீக்கியிருந்தேன். தண்ணீர் அளக்கும் அந்த இடத்தின் பெயரைக் கேட்டால்தான் ஊட்டமலைக்காரர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு பரிசல்காரர் சொன்ன பிறகு, அதைத் திரும்பச் சேர்த்தேன்.