மெனிஸ்கஸ் கிழிவு: தடைக்காலத்தைப் பார்த்து அறுவையை முடிவு செய்யலாமா?

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளிக்கு முழங்காலில் அறுவை தேவை என்று சொன்னால், அவர் மனம் முதலில் போவது மீன்பிடித் தடைக்காலத்துக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகு கரையில் நிற்கும். அதற்குள் காலைச் சரிசெய்துகொண்டால் ஒரு நாள் கூலியும் போகாது. கணக்கு நியாயமானதுதான். ஆனால் முழங்கால் மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால், அதை வெட்டிச் சீராக்கினால்தான் அந்த 61 நாட்களுக்குள் தேறி வர முடியும். தைத்தால் முடியாது. எனவே எதைச் செய்வது என்பதை மூட்டு தீர்மானிப்பதற்குப் பதிலாகக் காலண்டர் தீர்மானித்துவிடுகிறது. இந்தக் கரையில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு மெனிஸ்கஸ்கள் இருக்கின்றன. உடலின் எடையைப் பரப்பித் தாங்குவது அவற்றின் வேலை. பெரியவர்களுக்கு அவற்றின் வெளி விளிம்பில் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு. விளிம்பை ஒட்டிய கிழிவைத் தைத்தால் ஆறும். உள் ஓரத்துக் கிழிவைத் தைத்தாலும் பெரும்பாலும் ஆறாது.

ஓர் எடுத்துக்காட்டு. 26 வயது இளைஞர், ஈரமான படகுத் தளத்தில் வலையை இழுக்கும்போது கால் பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பிவிடுகிறது. உள்ளே ஒரு சத்தம். மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருக்கிறது. முழங்கால் சற்று மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது, நீட்ட முடியவில்லை. வீட்டார் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழிக்க அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலை அழுத்தி நீட்டப் பார்க்கிறார். இதைச் செய்யவே கூடாது. உள்ளே நீளவாக்கில் கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதி, வாளியின் கைப்பிடி கவிழ்ந்தது போல, மூட்டின் நடுவே புரண்டு கிடக்கிறது. அழுத்தினால் அந்தத் துண்டு நசுங்கும். எலும்பின் மேலுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பும் உரசிப் பழுதாகும். இப்படி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட காலோடு நொண்டி நடப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். ஊன்றுகோல் பிடித்து, காலில் எடை ஏற்றாமல், எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்மையான பூட்டு எது, வலியால் வந்த இறுக்கம் எது என்பதைப் பிரித்தறியாததுதான் அடுத்த தவறு. வெகுநேரம் உட்கார்ந்து எழும்போது கால் விறைப்பதும், படி ஏறும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்பதும், ஒரு கணம் எதுவோ சிக்கி விடுபடுவதும் பூட்டு அல்ல. உண்மையான பூட்டில், அடுத்தவர் மெதுவாக நீட்டினாலும் கடைசிப் பத்து முப்பது டிகிரி வராது. ஸ்பிரிங் தடுப்பது போல ஒரு தடை தெரியும். மடக்குவது ஓரளவு முடியும், நீட்டுவதுதான் முடியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டிலில் குப்புறப் படுத்து முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தால், பாதிக்கப்பட்ட காலின் குதிகால் மற்றதைவிட உயரமாக நிற்கும். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவைக் காட்டுகிறது. வலியால் தசை இறுகினாலும் இப்படித் தெரியலாம். ஆனால் ஓய்வும் வலி மருந்தும் கொடுத்த சில நாட்களில் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். வாளிப்பிடிக் கிழிவு தளராது.

நம் இளைஞருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், உட்புற மெனிஸ்கஸில், விளிம்பிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உள்ளே, நீளமான கிழிவு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழிவு விளிம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, புரண்டு கிடக்கும் துண்டு அவ்வளவு அகலமானது. அதை வெட்டி எடுத்தால் மெனிஸ்கஸின் பெரும்பகுதி போய்விடும். அதையே தைத்தால் ஆறுவதற்கு மிக நல்ல இடமும் அதுதான். வெட்டினால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேலைக்குப் போகலாம், உண்மை. ஆனால் மெனிஸ்கஸை எடுத்த முழங்கால்களில் எலும்பு தேய்மான மாற்றங்கள் வருவதை 1948-லேயே ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எக்ஸ்-ரேயில் கண்டு எழுதிவிட்டார். 26 வயதில் வெட்டிய மூட்டு இன்னும் நாற்பது ஆண்டு உழைக்க வேண்டும்.

தைப்பதற்கும் விலை உண்டு. முதல் ஆறு வாரம் காலுக்குப் பட்டை, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, குந்தி உட்காருவது நான்கு மாதம் வரை கிடையாது. ஆடும் படகில் பாரம் இழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். இத்தனைக்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தையல் நிலைக்காமல் மறுபடி அறுவை தேவைப்படலாம். இதை அறுவைக்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் மாத முடிவில் தடைக்காலம் தீர்ந்ததும் அவர் படகில் ஏறிவிடுவார். தடைக்காலம் வரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஆகாது. புரண்ட துண்டு உருமாறி, நார்நாராகப் பிரிந்து, பழைய இடத்தில் பொருத்த முடியாமல் போகும்.

இன்னொரு பக்கத்தில் நேர் எதிரான தவறு நடக்கிறது. கடல்பாசி நாற்றைக் கயிற்றில் கட்டக் குந்தியே இருக்கும் 52 வயதுப் பெண். பல மாதமாக மூட்டின் உட்புறம் வலி, அவ்வப்போது சிக்கல், சத்தம். பூட்டு இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘கிழிவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீடே அறுவைக்குத் தயாராகிவிடுகிறது. நடு வயதுக்கு மேல் வலியே இல்லாத பலருக்கும் இத்தகைய தேய்மானக் கிழிவு இருக்கும். பெரும்பாலும் அது கிடைவாக்கில், மெனிஸ்கஸை மேல் கீழ் என இரு அடுக்காகப் பிரிப்பது. ஃபின்லாந்தில் 146 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு மெனிஸ்கஸை வெட்டினார்கள், மற்றவர்களுக்குப் போலி அறுவை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. சிக்குவதாகச் சொன்னவர்களைத் தனியே பார்த்தபோதும் வெட்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு முதலில் தேவை மூன்று மாதம் ஒழுங்கான தொடைத் தசைப் பயிற்சியும், குந்தாமல் உட்கார ஒரு முக்காலியும்.

இதில் ஒரு விதிவிலக்கை மறந்துவிடக் கூடாது. அதே பெண், ஒரு நாள் குந்தி எழும்போது முழங்காலின் பின்பக்கம் ‘பட்’ என்று தெறித்து, அன்றிலிருந்து நடக்கவே கடினமாக இருக்கிறது என்று சொன்னால், அது வேறு. மெனிஸ்கஸ் எலும்பில் பதிந்திருக்கும் வேர் அறுந்திருக்கலாம். வேர் அறுந்தால் மெனிஸ்கஸ் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், எடை தாங்காது, முழு மெனிஸ்கஸையும் எடுத்ததற்குச் சமம். இதைச் சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிடுவதும், வெட்டிச் சீராக்குவதும் இரண்டுமே தவறு. குருத்தெலும்பு நன்றாக இருந்து, கால் வில் போல வளைந்திருக்காவிட்டால், வேரை மறுபடி எலும்பில் பொருத்தித் தைப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எதைச் சொன்னாலும், துண்டு தைக்கத் தகுந்ததா என்பது அறுவையின்போது மூட்டுக்குள் கேமரா போன பிறகுதான் முடிவாகத் தெரியும். ஆகவே “தைக்க முடியாமல் போனால் எவ்வளவு வெட்டுவீர்கள்?” என்று முன்பே கேட்டு, இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுப்பது நல்லது.

தைத்த பிறகு செய்யும் கடைசித் தவறு, ஆறாம் மாதத்தில் ‘ஒட்டிக்கொண்டதா’ என்று பார்க்கத் தானாகவே மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பது. நன்றாக ஆறிய தையல் இடத்திலும் கிழிவு போன்ற வெள்ளைக் கோடு ஆண்டுக்கணக்கில் படத்தில் தெரியலாம். மூட்டு முழுதாக நீளுகிறதா, வீக்கம் இல்லையா, மூட்டு இடுக்கில் அழுத்தினால் வலி இல்லையா என்று பார்த்தால் போதும். மீண்டும் பூட்டினாலோ, வேலைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வீங்கினாலோதான் படம் தேவை.