கைப்பேசியில் கணக்குத் தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முதலில் தேதி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள 24 வீடுகளின் பராமரிப்புக் கணக்கைப் பல ஆண்டுகளாகக் கைப்பேசியில், கூகுள் ஷீட்ஸ் செயலியில் நானே எழுதிவந்தேன். சென்ற மாதம் அந்தப் பொறுப்பை இரண்டாம் தளத்து இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். நான்காம் நாள் அவர் கைப்பேசியை நீட்டி, “தேதியெல்லாம் சில இடது பக்கமும் சில வலது பக்கமுமாக நிற்கிறது சார், பார்க்க நன்றாக இல்லை என்று எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டேன்” என்றார். 2024 ஏப்ரலில் நான் செய்த அதே காரியம். எழுத்துப்பிழை, தவறான கட்டத்தில் தட்டிவிடுவது போன்றவை தாமாகவே கண்ணில் படும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தேதியை நம் வழக்கப்படி எழுதி, கோப்பின் வழக்கத்தைப் பார்க்காமல் விடுவது

நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில் வரும். ஒவ்வொரு ஷீட் கோப்புக்கும் Locale என்றோர் அமைப்பு உண்டு. அது United States என்று இருந்தால், நீங்கள் ஏப்ரல் 5 என்று எண்ணித் தட்டிய 05/04/2024 என்பதைச் செயலி மே 4 என்றே எடுத்துக்கொள்ளும். திரையில் அதே 5, 4, 2024 என்ற எண்கள்தான் தெரியும் என்பதால் சந்தேகமே வராது. ஆனால் 15/04/2024 என்று தட்டினால் பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், செயலி அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே நெடுவரிசையில் 12ஆம் தேதி வரையிலானவை தவறான தேதிகளாகவும், அதற்குப் பிந்தையவை தேதியே அல்லாத எழுத்துகளாகவும் கிடக்கும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் 04/04 மட்டும் தப்பிக்கும்.

எங்கள் விதிப்படி மாதம் 10ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். தாண்டினால் 50 ரூபாய் அபராதம். அதற்கு நான் எழுதியிருந்த சூத்திரம் இது:

```
=IF(C2>DATE(2024,4,10),50,0)
```

சூத்திரத்தில் பிழை ஏதும் இல்லை. ஏப்ரல் 2இல் கட்டியவருடைய தேதி பிப்ரவரி 4 ஆகியிருந்தது. அதுவும் கெடுவுக்கு முந்தையது என்பதால் அவருக்கு அபராதம் விழவில்லை. 15ஆம் தேதி கட்டியவருடைய கட்டத்தில் இருந்தது எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்தையே பெரியதாகக் கொள்வது செயலியின் முறை என்பதால் அவருக்கு அபராதம் சரியாகவே விழுந்தது. இடையில், 5 முதல் 10 வரை நேர்மையாகக் கட்டிய ஏழு வீடுகளின் தேதிகள் மே 4 தொடங்கி அக்டோபர் 4 வரை தள்ளிப்போய், அவர்கள் அனைவரும் தாமதக்காரர்கள் ஆனார்கள். எட்டு வீடுகளுக்கு விழ வேண்டிய அபராதம் பதினைந்து வீடுகளுக்கு விழுந்தது. எல்லாமே தவறாக இருந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன்; பெரும்பகுதி சரியாக இருந்ததால்தான் நம்பிவிட்டேன். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற ஒரு மூத்த அம்மையாரிடம், “கணக்கு தவறு செய்யாதும்மா” என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது. போனது 350 ரூபாய்தான், திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பேச்சைத் திருப்பி வாங்க முடியவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. நாம் எதையும் மாற்றாதவரை, செயலி எண்ணையும் தேதியையும் கட்டத்தின் வலப்புறமும் எழுத்தை இடப்புறமும் நிறுத்தும். ஒரே நெடுவரிசையில் தேதிகள் இரு பக்கமும் நின்றால் அது அழகுக் குறைவு அல்ல, எச்சரிக்கை. இளைஞரைப் போல நடுவில் வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை அழிந்துவிடும். ஐயம் இருந்தால் வெற்றுக் கட்டம் ஒன்றில் =TEXT(C2,"mmmm") என்று எழுதிப் பாருங்கள்; ஏப்ரலுக்குப் பதில் வேறு மாதத்தின் பெயர் வந்தால் கோளாறு உறுதி.

கணினியில் கோப்பைத் திறந்து File, Settings, Locale என்று சென்று India என மாற்றிவிட்டால் போதும். அந்த அமைப்பு கோப்புக்கு உரியது என்பதால், பிறகு யார் எந்தக் கைப்பேசியில் தட்டினாலும் நாள்தான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் ஏற்கெனவே மே 4 ஆகிப்போனது மே 4 ஆகவே இருக்கும். அமைப்பை மாற்றுவது பழைய பதிவுகளைத் திருத்தாது. கட்டத்தின் தேதி வடிவத்தை மாற்றினாலும் தோற்றம்தான் மாறும். பழைய வரிசைகளுக்குப் பக்கத்து நெடுவரிசையில் இதை எழுத வேண்டும்:

```
=IF(ISNUMBER(C2),DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2)),
 DATE(RIGHT(C2,4),MID(C2,4,2),LEFT(C2,2)))
```

தேதியாக இருப்பதில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும். எழுத்தாக இருப்பதைப் பிரித்துத் தேதியாக்கும். நாளையும் மாதத்தையும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதியிருந்தால்தான் இரண்டாவது பகுதி வேலை செய்யும். 15/4/2024 என்று எழுதியிருந்தால் #VALUE! என்று வரும், அவற்றைக் கையால் திருத்துங்கள். அமைப்பை மாற்றிய பிறகு எழுதிய வரிசைகளுக்கு இச்சூத்திரத்தை இழுத்துவிடாதீர்கள், சரியானவை கெட்டுவிடும். விடையைப் பழைய ரசீதுகள் நான்கைந்தோடு ஒப்பிட்ட பிறகே மதிப்பாக மட்டும் நகலெடுத்துப் பழைய இடத்தில் ஒட்டுங்கள்.

தொகையோடு “ரூ.” அல்லது “/-” சேர்த்து எழுதுவது

வேண்டாம். கட்டம் எழுத்தாகிவிடும், SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

சுழியத்தில் தொடங்கும் எண்களையும் நீண்ட கணக்கு எண்களையும் நேரடியாகத் தட்டுவது

முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போனவை திரும்பா. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை Plain text ஆக்குங்கள்.

சரிபார்க்காத கணக்கின் நகலைக் குழுவில் அனுப்புவது

அந்த ஏப்ரல் இரவு நான் செய்த இரண்டாவது தவறு, அபராதப் பட்டியலை எக்செல் கோப்பாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டது. மறுநாள் மூலக்கோப்பைத் திருத்தினேன். அவரவர் கைப்பேசியில் இறங்கியிருந்த நகல்கள் திருந்தவில்லை. ஜூன் மாதக் கூட்டத்தில்கூட ஒருவர் பழைய நகலைத் திறந்து, தம் பெயருக்கு எதிரே 50 இருப்பதைக் காட்டினார். மாறக்கூடிய கணக்கு என்றால் நகலை அல்ல, இணைப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

இணைப்பை அனுப்புவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. Anyone with the link என்பதைத் தேர்ந்தெடுத்து அதன் அருகே Editor என்று விட்டுவிட்டால், இணைப்பு கிடைத்த எவரும் கோப்பைத் திருத்தலாம். யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை. பேருந்தில் போகும்போது விரல் பட்டு ஒரு கட்டத்தில் ஏதோ விழுந்துவிடும், விழுந்தது பட்டவருக்கே தெரியாது. குழுவுக்கு Viewer போதும். எழுதும் உரிமையை அடுத்த பொருளாளருக்கு மட்டும், அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள். வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்கள் அதே கோப்பின் இன்னொரு தாளில் இருந்தால், இணைப்பைத் திறப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள். மறைத்து வைத்தால் போதும் என்று நம்பாமல், அவற்றை வேறு கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இளைஞருடைய கோப்பின் Locale இப்போது India. நடுவில் வைத்திருந்த தேதிகளை அவரே திருத்திப் பழையபடி விட்டுவிட்டார். எல்லாம் வலப்புறம் நிற்கின்றன.