போஸ்ட்பெய்டு பில்லில் ரோமிங் கட்டணம் ஏறிவிட்டதா? கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி

சித்தப்பா 5 நாள் சிங்கப்பூர் போய் வந்தார். கிளம்புவதற்கு முன்பே ரோமிங் பேக் போட்டுக்கொண்டுதான் போனார். அடுத்த பில்லில் பேக்குக்கான பணம் தவிர, "International Roaming - Data" என்று 1,920 ரூபாயும், கூடுதல் சேவைகளுக்கான "VAS" என்று 99 ரூபாயும் ஏறியிருந்தன. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். "யூசேஜ் இருக்கு சார், அதனால சார்ஜ் ஆகியிருக்கு" என்று பதில் வந்தது. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். அப்புறம் பில் என்னிடம் வந்தது.

அதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் நிறுவனம் வேறாக இருக்கலாம், தொகை வேறாக இருக்கலாம். இந்தியாவில் வழி இதுதான்.

படி 1: பணம் கட்டும் முன் ஆட்டோபேயை நிறுத்துங்கள்

கிரெடிட் கார்டிலோ வங்கிக் கணக்கிலோ ஆட்டோபே இருந்தால், கெடு நாளன்று முழுத் தொகையும் தானாகப் போய்விடும். போன பணத்தைத் திரும்ப வாங்குவது, போகாத பணத்தைப் பற்றிப் பேசுவதைவிடக் கடினம். ஆகவே முதலில் அதை நிறுத்துங்கள்.

அதற்காகப் பில்லையே கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மாத வாடகை, பேக் விலை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். மீதி தொகை புகாரில் இருக்கிறது, புகார் முடியும்வரை அதன் மேல் தாமதக் கட்டணம் போட வேண்டாம், சேவையைத் துண்டிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதாலேயே அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. வங்கி ஓ.டி.பி. எல்லாம் வருகிற எண்ணாக இருந்து, துண்டிப்பு உங்களுக்குத் தாங்காது என்றால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டு முழுவதையும் கட்டுங்கள். கட்டியதால் கேட்கும் உரிமை போய்விடாது.

படி 2: விவரப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்

வாதாடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். பில்லின் முதல் பக்கத்தில் இருப்பது கூட்டுத்தொகை மட்டும். அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. உங்களுக்குத் தேவை, ஒவ்வொரு டேட்டா இணைப்பும் தனித்தனி வரியாக இருக்கும் பட்டியல். நிறுவனத்தின் செயலியிலேயே "itemised bill" என்று கிடைத்தால் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் நேரம் எந்த நாட்டு நேரம் என்று இருக்காது. ஆகவே எப்படியும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும். நாங்கள் அனுப்பியது இது:

> பில் எண் ___, மொபைல் எண் ___. இந்தப் பில்லில் ரோமிங் டேட்டாவுக்கு 1,920 ரூபாய் போடப்பட்டுள்ளது. இதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தரவும்.
> ஒவ்வொரு இணைப்பும் தொடங்கிய தேதி, நேரம், அந்த நேரம் இந்திய நேரமா, அந்த நாட்டு நேரமா, நெட்வொர்க்கின் பெயர், எத்தனை கேபி, என்ன வீதம், எவ்வளவு ரூபாய்.
> என் ரோமிங் பேக் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், இந்திய நேரத்தில்.
> இந்தப் புகாருக்கான டாக்கெட் எண்.

மின்னஞ்சலோடு நிற்காமல் 198 என்ற இலவசப் புகார் எண்ணுக்கும் போன் செய்து பதிவு செய்யுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி, பதிவாகும் ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும், அது எஸ்.எம்.எஸ்.ஸிலும் வர வேண்டும். எண் வராமல் "நோட் பண்ணிட்டோம் சார்" என்று மட்டும் சொன்னால் புகார் பதிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாக்கெட் எண் இல்லாமல் மேல்முறையீடு செய்வது பெரும் பாடு.

படி 3: கடிகாரத்தைப் பாருங்கள்

பல ரோமிங் தகராறுகள் நேரக் கணக்கில்தான் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் சிங்கப்பூரில் டேட்டா பயன்படுத்தும்போது அந்தக் கணக்கை எழுதுவது அங்கே இருக்கும் நெட்வொர்க். அது பதிவுகளைக் கோப்பாகச் சேர்த்து உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பும். அதனால்தான் சில சமயம் போன மாதப் பயணத்தின் கட்டணம் இந்த மாதப் பில்லில் வரும். தாமதமாக வந்தது என்பதற்காக மட்டும் அது தவறாகிவிடாது. அதை வைத்துச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

அந்தப் பதிவுகளில் இருப்பது அந்த ஊர் நேரம். பேக்கின் கணக்கோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

சித்தப்பாவின் கணக்கைப் பார்ப்போம். 12-ஆம் தேதி விடியற்காலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் போனை ஆன் செய்தார். பேக் தொடங்கியதாக எஸ்.எம்.எஸ். வந்தது இந்திய நேரம் 3.20-க்கு. 5 நாள் பேக் என்றால் அந்த நிறுவனத்தின் கணக்கில் 120 மணி நேரம். ஆக, அது முடிவது 17-ஆம் தேதி இந்திய நேரம் 3.20, சிங்கப்பூர் நேரம் 5.50. சித்தப்பாவோ 17-ஆம் தேதி முழுக்க பேக் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வந்த பட்டியலில் மூன்று வரிகள், மூன்றும் 17-ஆம் தேதி. நேரம் எல்லாம் சிங்கப்பூர் நேரம். வீதம் 10 கேபிக்கு 5 ரூபாய்.

| சிங்கப்பூர் நேரம் | இந்திய நேரம் | அளவு | கட்டணம் |
|---|---|---|---|
| 4.40 | 2.10 | 1,024 கேபி | ரூ. 512 |
| 5.35 | 3.05 | 1,536 கேபி | ரூ. 768 |
| 7.15 | 4.45 | 1,280 கேபி | ரூ. 640 |

முதல் இரண்டும் பேக் முடிவதற்கு முன்பே நடந்தவை. 4.40 என்ற சிங்கப்பூர் நேரத்தை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டு, "3.20-க்குப் பேக் முடிந்துவிட்டது" என்று கட்டணம் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வரி விமானம் ஏறக் காத்திருந்தபோது நடந்தது. அப்போது பேக் நிஜமாகவே முடிந்திருந்தது. அந்த 640 ரூபாய் சரியான கட்டணம்தான். சித்தப்பாவுக்கு இதை ஒப்புக்கொள்ள மனமில்லை. மொத்தமாகவே எதிர்க்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். சரியான தொகையையும் சேர்த்து எதிர்த்தால், அவர்கள் அந்த ஒரு வரியைக் காட்டியே முழுப் புகாரையும் மூடிவிடுவார்கள்.

ஆக, ஆட்சேபிக்க வேண்டியது 512 + 768 = 1,280 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 230.40. மொத்தம் 1,510.40.

நேரம் சரியாக இருந்தால் நெட்வொர்க் பெயரைப் பாருங்கள். விமானத்துக்குள்ளேயே இயங்கும் ஏரோமொபைல் போன்ற நெட்வொர்க்குகள் பல நாட்டுப் பேக்குகளில் அடங்காது. ஃபிளைட் மோடு போட மறந்தால் போன் தானே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். தனுஷ்கோடிக் கரையில் இலங்கை நெட்வொர்க் பிடிப்பதும் இதே கதைதான். வெளிநாட்டுக்கே போகாதவர் பில்லில் ரோமிங் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: அந்த 99 ரூபாயைத் தனியாகக் கேளுங்கள்

கூடுதல் சேவைக் கட்டணத்துக்கு வேறு டாக்கெட் எண் வாங்குங்கள். ஒரே புகாரில் இரண்டையும் போட்டால் சுலபமானதைத் தீர்த்துவிட்டு "முடிந்தது" என்று மூடுவார்கள்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. டிராய் 2013 ஜூலையில் பிறப்பித்த ஆணையின்படி, இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் தர வேண்டும். ஆகவே "நான் இதைக் கேட்கவில்லை" என்று மட்டும் எழுதாமல், "என் இரண்டாவது சம்மதம் எந்தத் தேதி, எந்த நேரம், எந்த வழியில் வந்தது? அந்தப் பதிவைத் தரவும்" என்று எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் அவர்களுக்குப் பிடிமானம் இல்லை. கையோடு 155223 என்ற எண்ணில் சேவையை நிறுத்திவிடுங்கள். பணம் பிடித்த 24 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொன்னால் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. போஸ்ட்பெய்டில் மாதக் கடைசியில்தான் பில்லைப் பார்க்கிறோம் என்பதால் அந்த 24 மணி நேரம் நமக்கு அபூர்வமாகவே வாய்க்கும்.

படி 5: பதில் சரியில்லையென்றால் மேல்முறையீடு

பில் புகார்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். எங்களுக்கு வந்த முதல் பதில் "charges are valid as per usage" என்ற ஒரே வரி. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத பதில் அது.

அடுத்தது, அதே நிறுவனத்தில் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி. முகவரியும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் `tccms.trai.gov.in` தளத்திலும் இருக்கும். பதில் வந்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கதை எழுத வேண்டாம். டாக்கெட் எண், மேலே இருக்கும் அட்டவணை, பேக் தொடங்கிய எஸ்.எம்.எஸ்.ஸின் படம், கேட்கும் தொகை, இவ்வளவு போதும். எஸ்.எம்.எஸ்.ஸை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். பேக் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

டிராய்க்கு நேரடியாக எழுதிப் பயனில்லை. தனிப்பட்ட புகார்களை அது விசாரிப்பதில்லை. மேல்முறையீடும் பலிக்காவிட்டால் `pgportal.gov.in` தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. தொலைபேசி வழக்குகள் அங்கே வரக்கூடாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இருந்தாலும் 1,500 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் அலைவதை நான் யோசிப்பேன். 15,000 என்றால் யோசிக்க மாட்டேன்.

எங்களுக்கு மேல்முறையீட்டிலேயே முடிந்தது. 99 ரூபாய்க்குச் சம்மதப் பதிவு எதையும் அவர்கள் காட்டவில்லை; வரியோடு சேர்த்து 116.82 ரூபாயைத் திருப்பி வரவு வைத்தார்கள். ரோமிங்குக்கு அடுத்த பில்லில் "Adjustment" என்ற வரியில் 1,280 ரூபாய் கழித்திருந்தார்கள். சித்தப்பா சந்தோஷமாகப் பில்லை மடித்து வைக்கப் போனார். அதில் ஜி.எஸ்.டி. 230.40 வரவில்லையே என்று காட்டினேன். அதே டாக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினோம். அதற்கடுத்த பில்லில் அதுவும் வந்து சேர்ந்தது.