கிளிப் செட் விற்பவர்கள் முதல் வரியிலேயே எழுத வேண்டியது

பெங்களூரு சிக்பேட்டையில் மொத்தமாக வாங்கி வாட்ஸ்அப்பில் தலைமுடி கிளிப் விற்பவர்கள், விலைக்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள்: எத்தனை, என்னென்ன நிறம், நிறத்தைத் தேர்ந்தெடுப்பது யார்.

உதாரணமாக: “டிக்-டாக் கிளிப், 12 எண்ணம் (6 ஜோடி). 6 நிறம், ஒவ்வொன்றிலும் 2. நிறங்களை நாங்களே தேர்ந்து அனுப்புவோம். படத்தில் இருப்பவையே வரும் என்று சொல்ல முடியாது.”

“12 கிளிப்” என்று மட்டும் போட்டால் சிலர் 12 ஜோடி என்று எடுத்துக்கொள்வார்கள். “பல நிறம்” என்பது அதைவிட மோசம். குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒரே நிறம் வேண்டும்; 12 கிளிப்பும் வெவ்வேறு நிறமாகப் போனால் அம்மாக்களுக்கு அது பயன்படாது. அதனால்தான் “ஒவ்வொன்றிலும் 2” என்பது முக்கியம். மொத்தக் கடை அட்டையில் நிறக் கலவை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், கடைசி வரியும் கட்டாயம் வேண்டும்.

பள்ளிச் சீருடைக்குக் கறுப்பு, நீலம் என்று ஒரே நிறம் கேட்பவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு ஒரே நிற அட்டையைத் தனியாகப் பட்டியலிடுங்கள். உடைந்த கிளிப்புக்கோ எண்ணிக்கைக் குறைவுக்கோ அந்தக் கடைசி வரியைக் காரணம் காட்டக் கூடாது. மாற்றித்தான் தர வேண்டும்.