"ஹயுர்லு ரமஸான்லர்" என்றால் என்ன பதில் சொல்வது?

துருக்கிக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் சொல் 'ஹயுர்'. இல்லை என்று பொருள். அப்புறம் ரமலான் பிறக்கும். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து "ஹயுர்லு ரமஸான்லர்" என்பார். எதை இல்லை என்கிறார் என்று நான் முழித்திருக்கிறேன். இந்த 'ஹயுர்' வேறு. அரபியிலிருந்து வந்த நன்மை. நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'கைர்'தான். நன்மை நிறைந்த ரமலான் என்று வாழ்த்துகிறார்.

உச்சரிப்பு நமக்கு எளிது. அந்த உகரத்தை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'காடு', 'பாட்டு' ஆகியவற்றின் கடைசியில் நாம் தினமும் சொல்லும் குற்றியலுகரம்தான் அது.

பதில் "ஸிஸெ தெ". ஸிஸெ என்றால் உங்களுக்கு, தெ என்பது நம் 'உம்'. ஆக, உங்களுக்கும். நீ என்று பேசும் நண்பரிடம் "ஸனா தா". மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது "ஹயுர்லு இஃப்தார்லர்" என்பார்கள். அதற்கும் இதே பதில்தான்.

கொஞ்சம் முறையாகப் பேசுகிறவர்கள் "ரமஸானுனுஸ் முபாரெக் ஒல்ஸுன்" என்பார்கள்: உங்கள் ரமலான் புனிதமாகட்டும். இங்கே வாழ்த்து ரமலானைப் பற்றியது என்பதால் பதில் "ஸிஸின் தெ", அதாவது உங்களுடையதும். உங்களுக்கு, உங்களுடைய என்று வேற்றுமை பார்க்கத் தெரிந்த நமக்கு இது பிடிபட்டுவிடும்.

நான் சறுக்கியது வேறொன்றில். பக்கத்து வீட்டில் இஃப்தாருக்கு அழைத்திருந்தார்கள். சூப் குடித்து முடித்ததும் வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து "அல்லாஹ் கபூல் எத்ஸின்" என்றார். பழக்கதோஷத்தில் "ஸிஸெ தெ" என்றேன். பேத்தி சிரித்துவிட்டாள். 'இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்' என்று ஒருவர் சொல்ல, 'உங்களுக்கும்' என்றால் ஒட்டுமா? அது வாழ்த்தில்லை, பிரார்த்தனை. "ஆமின்" என்றாலே போதும். "ஆமின், ஜும்லெமிஸ்தென்" என்றால் இன்னும் அழகு. நம் எல்லோரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளட்டும் என்று பொருள். அன்று நான் நோன்பே வைக்கவில்லை. அதை அந்த இடத்தில் விளக்க வேண்டியதில்லை. 'எல்லோரும்' என்ற சொல்லில் வந்தவரும் நோற்றவரும் அடங்கிவிடுகிறார்கள்.

யாராவது நேரடியாகவே "நியெத்லி மிஸின்?" என்று கேட்டால், நிய்யத் வைத்திருக்கிறாயா, நோன்பா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் தேநீர் கொடுப்பதற்கு முன் வரும் கேள்வி. இல்லையென்றால் "தெயிலிம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை வாங்கிக்கொள்ளலாம்.

பெருநாள் அன்று ரமஸான்லர் போய் "இயி பைராம்லர்" வந்துவிடும். மறுபடியும் "ஸிஸெ தெ"தான். பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வது வழக்கம். "எல் ஓபென்லெரின் சோக் ஒல்ஸுன்", உன் கையை முத்தமிடுவோர் பெருகட்டும், என்று அவர்கள் வாழ்த்துவார்கள். அதற்கு ஒரு புன்னகை போதும். குழந்தைகள் மட்டும் மிட்டாய்க்கோ காசுக்கோ காத்து நிற்பார்கள்.